12 ஹெர்ட்ஸ் வந்தால் சிஸ்தானா? கச்சோலத்தில் இருந்து எடுத்த எஸ்டரின் நிறமாலை பற்றி

கச்சோலப்பொடி | 3 பிப்ரவரி, இரவு 9.10

முதுகலை இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கச்சோலக் கிழங்கு வில்லைகளை 50 கிராம் பொடித்து, ஹெக்சேனில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலையில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறமற்ற படிகங்கள் கிடைத்தன. அவை 47 முதல் 49 டிகிரி செல்சியசில் உருகுகின்றன. இது எத்தில் பாரா-மெத்தாக்சிசின்னமேட் என்பதிலும், அதன் இரட்டைப் பிணைப்பு டிரான்ஸ் என்பதிலும் நான் படித்த கட்டுரைகள் எல்லாம் ஒத்துப்போகின்றன.

என் கணக்கு ஒத்துப்போகவில்லை. டியூட்டிரோகுளோரோஃபார்மில் எடுத்த புரோட்டான் நிறமாலையில் 7.64, 6.31 ஆகிய இடங்களில் ஒவ்வொரு புரோட்டானுக்கு உரிய இரட்டைக் கோடுகளும், 7.47, 6.90 ஆகிய இடங்களில் இரண்டிரண்டு புரோட்டான்களுக்கு உரிய இரட்டைக் கோடுகளும் இருக்கின்றன. எஸ்டரின் எத்தில் குழு 4.25, 1.33 ஆகிய இடங்களிலும், மெத்தாக்சி 3.83-இலும் தெரிகின்றன. 7.64-இல் உள்ள இரண்டு கோடுகளும் 7.660, 7.620 என்ற இடங்களில் இருப்பதால், இணைப்பு மாறிலி 12.0 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. வளையத்தின் இரட்டைக் கோடுகளுக்கு 6.6 ஹெர்ட்ஸ் வருகிறது.

12 என்பது சிஸ் எல்லைக்குள் அல்லவா இருக்கிறது? கடையில் வாங்கிய கிழங்கில் சிஸ் வடிவம்தான் இருந்திருக்குமா? வளையத்தின் 6.6-ஐ ஆர்த்தோ என்று கொள்வதா, பாரா என்று கொள்வதா? வழிகாட்டியிடம் போவதற்கு முன் தெளிவடைய விரும்புகிறேன்.

வினைவழி | 3 பிப்ரவரி, இரவு 10.02

சிஸ் புரோட்டான்களுக்கு 6 முதல் 12 வரை, டிரான்ஸ் புரோட்டான்களுக்கு 12 முதல் 18 வரை என்பதே நாங்கள் தேர்வுக்குப் படித்த எல்லை. உங்கள் மதிப்பு சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றாலும், டிரான்ஸ் சின்னமேட்டுகள் வழக்கமாக 16-ஐ ஒட்டியே இருப்பதால், இதைச் சிஸ் என்று எழுதுவதே பொருத்தம். வளையத்தில் ஆர்த்தோ இணைப்பு 6 முதல் 9 வரையிலும், மெட்டா 1 முதல் 3 வரையிலும், பாரா ஒன்றுக்குக் கீழேயும் இருக்கும். 6.6 என்பது ஆர்த்தோ. ஆகவே மெத்தாக்சி குழு பாராவில் இல்லை, ஆர்த்தோவில் இருக்கிறது என்று பொருள். நீங்கள் புதிய சேர்மம் ஒன்றைப் பிரித்திருக்கவும் கூடும்.

குறிப்பேடு_72 | 4 பிப்ரவரி, காலை 6.35

புதிய சேர்மம் என்று எழுதுவதற்கு முன் இரண்டு நாள் பொறுத்திருங்கள். முப்பது ஆண்டுகள் இந்தக் கருவியோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே ஓர் இணைப்பு மாறிலியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அமைப்பை முடிவு செய்யக் கூடாது, அந்த எண்ணைப் பக்கத்தில் இருக்கும் மற்ற எண்களோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

உங்கள் வேதி இடப்பெயர்ச்சிகளே உங்கள் 12-ஐ மறுக்கின்றன. இந்த எஸ்டரின் சிஸ் வடிவத்தில் கார்பனைலுக்கு அடுத்த புரோட்டான் 5.83-ஐ ஒட்டியும், வளையத்துக்கு அடுத்தது 6.84-ஐ ஒட்டியும் வரும். நீங்கள் கொடுத்திருக்கும் 6.31, 7.64 இரண்டும் டிரான்ஸ் வடிவத்துக்கு உரியவை. உருகுநிலையும் அதையே சொல்கிறது. இடம் டிரான்ஸ் என்று சொல்ல, பிளவு மட்டும் சிஸ் என்று சொன்னால், இரண்டில் ஒன்றை நாம் தவறாகப் படித்திருக்கிறோம்.

ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள். 4.25-இல் உள்ள நான்கு கோட்டுத் தொகுதியில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே எத்தனை ஹெர்ட்ஸ் வருகிறது?

கச்சோலப்பொடி | 4 பிப்ரவரி, காலை 8.50

அதை நான் கணக்கிடவே இல்லை, ஐயா. எத்தில் குழு தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். இப்போது அச்சுப்படியில் பார்த்தேன். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 0.0178 பிபிஎம். அது 5.3 ஹெர்ட்ஸ்.

குறிப்பேடு_72 | 4 பிப்ரவரி, காலை 9.15

அங்கேதான் முடிச்சு இருக்கிறது. எத்தில் எஸ்டரில் மெத்திலும் மெத்திலீனும் தடையின்றிச் சுழல்வதால், அவற்றின் இணைப்பு மாறிலி ஏறத்தாழ எல்லா எத்தில் எஸ்டர்களிலும் 7.1 ஹெர்ட்சாகவே இருக்கும். உங்களுக்கு 5.3 வந்திருக்கிறது. 7.1-ஐ 5.3-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 1.33 வரும். 400-ஐ 300-ஆல் வகுத்தாலும் அதுவே வரும்.

உங்கள் நிறமாலை 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் 300-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அளவுருப் பட்டியலில் `SFO1` என்ற வரியைப் பாருங்கள்.

கச்சோலப்பொடி | 4 பிப்ரவரி, மாலை 5.40

பார்த்துவிட்டேன். 400.13 என்று இருக்கிறது. எங்கள் ஆய்வக மேசையில் இருக்கும் பழைய செய்முறைக் கையேட்டில் "பிபிஎம் வேறுபாட்டை 300-ஆல் பெருக்குக" என்று எழுதியிருக்கிறது. அந்தக் கையேடு எழுதப்பட்ட காலத்தில் 300 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு மாதிரிகளை அனுப்பியிருக்கிறார்கள். இப்போது மாதிரிகள் வேறோர் இடத்துக்குப் போகின்றன. நான் அந்த வரியை அப்படியே பின்பற்றினேன். திருத்திய கணக்கைக் கீழே தருகிறேன்.

```
7.660 - 7.620 = 0.0400    0.0400 x 400.13 = 16.0
வளையம்          0.0220    0.0220 x 400.13 =  8.8
எத்தில்          0.0178    0.0178 x 400.13 =  7.1
```

16.0 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது. டிரான்ஸ்தான்.

என்னை உறுத்துவது ஒன்று இருக்கிறது. தவறான 12.0 ஒரு பொருத்தமற்ற எண்ணாக இருந்திருந்தால், உதாரணமாக 25 என்று வந்திருந்தால், நான் உடனே கணக்கைத் திரும்பப் பார்த்திருப்பேன். அது சிஸ் என்ற மற்றொரு நியாயமான விடையில் போய் அமர்ந்துகொண்டதால்தான் சந்தேகமே எழவில்லை. 6.6-உம் அவ்வாறே ஆர்த்தோ எல்லைக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தது. எத்திலின் 5.3 மட்டும்தான் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. அதைத்தான் நான் கணக்கிடவில்லை.

வினைவழி | 4 பிப்ரவரி, இரவு 9.30

சிஸ் என்று நான் சொன்னது தவறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கருவியின் அதிர்வெண்ணைக் கேட்காமல் விடை சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வளையத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் வலுவாகிவிட்டது என்றே நினைக்கிறேன். 8.8 என்பது ஐயத்துக்கு இடமில்லாத ஆர்த்தோ மதிப்பு. பாராவாக இருந்தால் ஒன்றுக்குக் கீழே அல்லவா இருக்க வேண்டும்? பிறகு இதை எப்படிப் பாரா-மெத்தாக்சி என்று எழுதுவது?

மருந்தாலை | 4 பிப்ரவரி, இரவு 10.20

தம்பி, ஆர்த்தோ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறீர்கள். எங்கள் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் பலரும் இந்த இடத்தில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இணைப்பு மாறிலி இரண்டு புரோட்டான்களுக்கு இடையே உள்ள உறவைச் சொல்கிறது. பதிலிகள் எங்கே அமர்ந்திருக்கின்றன என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. வளையத்தில் ஒன்றாம் இடத்தில் அக்ரிலேட் சங்கிலியும் நான்காம் இடத்தில் மெத்தாக்சியும் இருந்தால், மீதமுள்ள நான்கு புரோட்டான்கள் 2, 3 என்று ஒரு பக்கத்திலும் 5, 6 என்று மறுபக்கத்திலும் இருக்கும். 2-க்குப் பக்கத்து வீடு 3. 6-க்குப் பக்கத்து வீடு 5. ஆகவே பதிலிகள் பாராவில் இருக்கும்போதுதான், ஒவ்வொரு புரோட்டானுக்கும் ஒரே ஓர் ஆர்த்தோ அண்டை வீட்டார் அமைந்து, 8.8 ஹெர்ட்ஸ் பிளவு கொண்ட இரண்டு இரட்டைக் கோடுகள், ஒவ்வொன்றும் இரண்டு புரோட்டான் அளவில், வருகின்றன. இங்கே சமச்சீரைச் சொல்வது தொகையீடு. அண்டை வீட்டைச் சொல்வது 8.8. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாரா என்ற முடிவு கிடைக்கும்.

மெத்தாக்சி உண்மையிலேயே ஆர்த்தோவில் இருந்திருந்தால் படம் முற்றிலும் வேறாக இருந்திருக்கும். எத்தில் ஆர்த்தோ-மெத்தாக்சிசின்னமேட்டில் வளையப் புரோட்டான்கள் நான்கும் நான்கு தனி இடங்களில் வரும். 7.50, 6.91 ஆகிய இடங்களில் இருக்கும் இரண்டுக்கும் ஒரே ஓர் ஆர்த்தோ அண்டை வீட்டார் இருப்பதால், அவை ஏறத்தாழ இரட்டைக் கோடுகளாகத் தெரியும். நடுவில் அகப்பட்ட இரண்டுக்கும், 7.34, 6.96 ஆகிய இடங்களில், இருபுறமும் அண்டை வீட்டார் இருப்பதால் அவை மூன்று கோடுகளைப் போலத் தெரியும். அங்கும் ஆர்த்தோ இணைப்பு 7.5 முதல் 8.3 வரைதான். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு சேர்மங்களும் ஒன்றாகவே தோன்றும். கோடுகளின் எண்ணிக்கையும் தொகையீடும்தான் வேறுபாட்டைக் காட்டும்.

வினைவழி | 5 பிப்ரவரி, காலை 7.05

இப்போது புரிகிறது. பாரா இணைப்பு என்பது 2-க்கும் 5-க்கும் இடையில் இருப்பது. அப்படியானால் அதை எந்தச் சேர்மத்தில்தான் கண்ணால் பார்ப்பது?

மருந்தாலை | 5 பிப்ரவரி, காலை 7.40

பெரும்பாலும் இல்லாமையாகத்தான் பார்ப்போம். எத்தில் ஃபெரூலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சோல எஸ்டருக்கு அது நெருங்கிய உறவு. அதன் வளையத்தில் மூன்று புரோட்டான்கள் மட்டுமே உண்டு. 7.07-இல் இருப்பது 8.2, 1.9 என்று இரு முறை பிளவுபடுகிறது. 7.03-இல் இருப்பது 1.9 மட்டும் காட்டுகிறது. 6.91-இல் இருப்பது 8.2 மட்டும் காட்டுகிறது. 7.07-இல் இருப்பவருக்கு ஓர் ஆர்த்தோ அண்டை வீட்டாரும் ஒரு மெட்டா உறவினரும் இருக்கிறார்கள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. அந்த இருவரும்தான் பாராவில் எதிரெதிரே இருப்பவர்கள். அவர்களுக்கு இடையே இணைப்பு இருந்தாலும், அது கோட்டின் அகலத்துக்குள் புதைந்துவிடுகிறது. பதிலிகள் இல்லாத பென்சீனிலேயே ஆர்த்தோ 7.5, மெட்டா 1.4, பாரா 0.7 ஹெர்ட்ஸ் என்ற அளவில்தான் இருக்கின்றன.

பட்டறைக்குறிப்பு | 5 பிப்ரவரி, பிற்பகல் 2.15

இந்த இழையின் தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கும் இதே பிரச்சினைதான். நான் தயாரித்தது மெத்தில் 3-மெத்தாக்சிஅக்ரிலேட். 7.63, 5.19 ஆகிய இடங்களில் இரண்டு இரட்டைக் கோடுகள், பிளவு 12.6 ஹெர்ட்ஸ். நானும் 300-ஆல் பெருக்கிவிட்டேனோ என்று பார்த்தேன், இல்லை. கருவியே ஹெர்ட்சில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. என்னுடையது சிஸ் என்றே அறிக்கையில் எழுதிவிட்டேன். இங்கே எல்லாரும் 12-ஐ 16 ஆக்கிக்கொண்டிருப்பதால் என்னுடையதும் டிரான்ஸ் ஆகிவிடுமா?

குறிப்பேடு_72 | 5 பிப்ரவரி, மாலை 6.50

உங்கள் கேள்வி இவருடைய கேள்வி அல்ல. ஆனால் நல்ல வேளையாக வந்தது. ஆம், உங்களுடையது டிரான்ஸ்தான். காரணம் முற்றிலும் வேறு. உங்கள் கணக்கில் பிழை இல்லை. எல்லையை மனப்பாடம் செய்ததில்தான் பிழை.

இரட்டைப் பிணைப்பில் நேரடியாக ஆக்சிசன் அமர்ந்துவிட்டால், சிஸ் மதிப்பும் டிரான்ஸ் மதிப்பும் இரண்டுமே கீழே இறங்கிவிடும். உங்கள் சேர்மத்தின் டிரான்ஸ் வடிவத்துக்கு 12.6 என்பதுதான் அறியப்பட்ட மதிப்பு. சிஸ் வடிவத்துக்கு ஏறத்தாழ 7. பதிலிகளே இல்லாத எத்திலீனில் டிரான்ஸ் 19 ஹெர்ட்சும், சிஸ் 12-க்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கின்றன. இரண்டு குளோரின் சேர்த்தால், டைகுளோரோஎத்திலீனில் டிரான்ஸ் 12-க்கும் சிஸ் 5-க்கும் வந்துவிடுகின்றன. எத்திலீனின் சிஸ்ஸும் டைகுளோரோஎத்திலீனின் டிரான்ஸும் ஏறத்தாழ ஒரே எண். ஆகவே "12 என்றால் என்ன?" என்ற கேள்விக்கு, எந்தச் சேர்மத்தில் என்று கேட்காமல் விடையே கிடையாது.

மாறாமல் நிற்பது வரிசை மட்டுமே: ஒரே சேர்மத்தின் இரு வடிவங்களை எடுத்தால், டிரான்ஸ் எப்போதும் சிஸ்ஸைவிடப் பெரியது. டிரான்ஸில் இரு புரோட்டான்களும் 180 டிகிரியில் எதிரெதிரே நிற்கின்றன. சிஸ்ஸில் 0 டிகிரியில் ஒரே பக்கம் நிற்கின்றன. இந்தக் கோணச் சார்பை மார்ட்டின் கார்பிளஸ் 1959-இல் கணக்கிட்டுக் காட்டினார். 180-இல் மதிப்பு 0-வைவிட உயரும் என்பது அந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. பதிலிகள் இரண்டு மதிப்புகளையும் சேர்த்து மேலும் கீழும் நகர்த்தும், வரிசையைப் புரட்டுவதில்லை.

அறிக்கையைத் திருத்துங்கள்.

பட்டறைக்குறிப்பு | 5 பிப்ரவரி, இரவு 8.05

திருத்தி அனுப்பிவிட்டேன். சிஸ் வடிவம் கையில் இல்லாதபோது ஒப்பிடுவதற்கு என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் எனக்கு மீதி இருக்கிறது.

கச்சோலப்பொடி | 6 பிப்ரவரி, இரவு 11.00

மேலே நான் எழுதியதை மறுபடி படித்தேன். "16.0 வந்துவிட்டது, டிரான்ஸ்தான்" என்று எழுதியதில் அவசரம் இருக்கிறது. 16 ஹெர்ட்ஸ் பிளவு கொண்ட சிஸ் சின்னமேட் இருக்க முடியாது என்பதால் முடிவு சரிதான். ஆனால் அந்த உறுதியை நான் எண்ணில் இருந்து மட்டும் எடுத்துக்கொண்டேன். பட்டறைக்குறிப்பு அவர்களின் சேர்மம் என் கையில் இருந்திருந்தால் அதே அவசரத்தில் தவறியிருப்பேன்.

இன்னொரு சந்தேகமும் வந்திருக்கிறது. 6.90-இல் உள்ள வளைய இரட்டைக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இரண்டு பெரிய கோடுகளுக்கு இடையிலும் அவற்றின் அடிவாரத்திலும் சிறு சிறு கோடுகள் தெரிகின்றன. 7.47-இலும் அதே அமைப்பு. மாசு கலந்திருக்கிறதா? இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி மாசு எப்படி வரும்?

குறிப்பேடு_72 | 7 பிப்ரவரி, காலை 6.20

மாசு அல்ல. நீங்கள் நல்ல நிறமாலை எடுத்திருக்கிறீர்கள் என்பதற்கு அது சான்று. காந்தப்புலம் சீராக இல்லாவிட்டால் அந்தச் சிறு கோடுகள் தெரியவே தெரியாது.

நாம் வசதிக்காக இதை இரட்டைக் கோடு என்று எழுதுகிறோம். உண்மையில் 2-உம் 6-உம் ஒரே இடத்தில் ஒலித்தாலும், 3-ஆம் புரோட்டானைப் பொறுத்தவரை அவை சமமானவை அல்ல: 2 அதற்கு ஆர்த்தோ, 6 அதற்குப் பாரா. இந்தச் சமமின்மையும், 2-க்கும் 6-க்கும் இடையே உள்ள மெட்டா இணைப்பும் சேர்ந்து அந்தச் சிறு கோடுகளை உண்டாக்குகின்றன. பாரா பதிலீடு கொண்ட வளையத்துக்கு அது கையெழுத்து போன்றது.

இதில் வேறொரு செய்தியும் உண்டு. இரண்டு பெரிய கோடுகளுக்கு இடையே நீங்கள் அளந்த 8.8, ஆர்த்தோ இணைப்பு மட்டும் அல்ல. ஆர்த்தோவும் பாராவும் கூடிய தொகை அது. வினைவழி தேடிய பாரா இணைப்பு, ஓரிரு பத்தின் பங்கு ஹெர்ட்ஸ் அளவில், உங்கள் 8.8-க்குள்ளேயே இருக்கிறது. அறிக்கையில் 8.8 என்றே எழுதுங்கள். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதை ஆர்த்தோ இணைப்பின் துல்லியமான மதிப்பு என்று எண்ணி வேறு கணக்கு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

வினைவழி | 7 பிப்ரவரி, காலை 8.00

அப்படியானால் நான் ஐந்தாம் தேதி கேட்ட கேள்விக்கு விடை அந்த எண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கச்சோலப்பொடி | 19 பிப்ரவரி, இரவு 9.45

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பட்டறைக்குறிப்பு கேட்ட கேள்விக்கு, திட்டமிடாமலே, என் சேர்மத்தின் வழியாக ஒரு விடை கிடைத்திருக்கிறது.

கருவிக்குப் போய்த் திரும்பி வந்த மாதிரிக் குழாயைக் கரைசலோடு சன்னல் திட்டில் வைத்திருந்தேன். காலை வெயில் நேரே விழும் இடம். சன்னலும் திறந்தே இருந்தது. சில நாள்கள் அப்படியே கிடந்தது. வேறு காரணத்துக்காக அதே குழாயை மறுபடியும் அனுப்ப நேர்ந்தது. வந்த நிறமாலையில் பழைய கோடுகள் எல்லாம் அவற்றின் இடத்திலேயே இருக்க, புதிதாக 5.83-இல் ஓர் இரட்டைக் கோடு நிற்கிறது. இம்முறை 400.13-ஆல் பெருக்கி, முதலில் எத்திலைச் சரிபார்த்துவிட்டுத்தான் அளந்தேன். எத்தில் 7.1. பழைய 6.31 கோட்டுக்கு 16.0. புதிய 5.83 கோட்டுக்கு 12.8.

ஐயா முதல் நாளே சொன்ன சிஸ் வடிவத்தின் இடம் அது. வெயில் இரட்டைப் பிணைப்பைத் திருப்பியிருக்கிறது. இரண்டு வடிவங்களும் ஒரே குழாயில், ஒரே கரைப்பானில், ஒரே கணத்தில் அளக்கப்பட்டிருப்பதால், 16.0-க்கும் 12.8-க்கும் இடையே உள்ள வேறுபாட்டில் கருவியின் பிழை எதுவும் புக முடியாது. 6.31-இன் தொகையீட்டை 1.00 என்று வைத்தால் 5.83-க்கு 0.11 வருகிறது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிஸ் ஆகிவிட்டது. இன்னொரு சிஸ் புரோட்டான் 6.84-இல் வர வேண்டும்; அது 6.90-இல் உள்ள வளையக் கோடுகளோடு உரசிக்கொண்டு நிற்பதால் அதைத் தொகையீட்டுக்குப் பயன்படுத்தவில்லை.

சிஸ் மதிப்பு 12.8 என்பதையும் கவனியுங்கள். தேர்வுக்குப் படித்த எல்லையின்படி இது டிரான்ஸ்! மூன்றாம் தேதி நான் தவறாகப் பெற்ற 12.0, உண்மையான சிஸ் மதிப்போடுகூடப் பொருந்தவில்லை.

மருந்தாலை | 19 பிப்ரவரி, இரவு 10.30

பழுப்பு நிறக் குப்பியில் வைத்திருக்க வேண்டிய பொருள் இது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆக்டைல் மெத்தாக்சிசின்னமேட்டைத்தான் வெயில் தடுப்புக் களிம்புகளில் சேர்க்கிறார்கள். அதுவும் வெளிச்சத்தில் ஒரு பகுதி சிஸ் ஆகிவிடுகிறது. சிஸ் வடிவம் ஒளியைக் குறைவாக உறிஞ்சுவதால் அது எங்கள் துறைக்கு உண்மையான கவலை.

கச்சோலப்பொடி | 20 பிப்ரவரி, காலை 7.30

இரவு முழுவதும் ஒன்று மனத்தில் ஓடிக்கொண்டே இருந்ததால், மூன்றாம் தேதிக்கு முன் எடுத்த முதல் நிறமாலையைத் திறந்து 5.83-ஐப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கேயும் இருக்கிறது. மிகச் சிறியது, நூற்றில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அதே 12.8 ஹெர்ட்ஸ் இரட்டைக் கோடு. அந்தக் குழாய் அப்போது வெயிலையே பார்த்திருக்கவில்லை. அப்படியானால் கிழங்கிலேயே சிறிது சிஸ் இருக்கிறதா?

வினைவழி | 20 பிப்ரவரி, காலை 8.10

அவ்வளவு சிறிய கோடு என்றால் அது 6.31-இன் கார்பன்-13 துணைக்கோடாக இருக்கலாம். நூற்றுக்கு ஒன்று என்ற அளவும் பொருந்துகிறது.

குறிப்பேடு_72 | 20 பிப்ரவரி, காலை 9.00

நல்ல யோசனை, ஆனால் இடம் பொருந்தவில்லை. இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்-13 தன் புரோட்டானை ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸ் பிளக்கும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஆகவே துணைக்கோடுகள் முதன்மைக் கோட்டில் இருந்து 80 ஹெர்ட்ஸ் தள்ளி, 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 0.2 பிபிஎம் தள்ளி, 6.11-இலும் 6.51-இலும் இருக்கும். 5.83 வெகு தொலைவு. துணைக்கோடு ஒவ்வொன்றும் 16 ஹெர்ட்சாகப் பிளந்திருக்கும், 12.8 ஆக அல்ல.

ஆனால் நீங்கள் சொன்னதில் பயன் இருக்கிறது. இயற்கையில் கார்பன்-13 நூற்றில் 1.1 பங்கு. ஆகவே 6.11-இல் உள்ள துணைக்கோடு முதன்மையின் நூற்றில் அரைப்பங்கு சொச்சம் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். கச்சோலப்பொடி, உங்கள் 5.83 கோட்டை அதோடு ஒப்பிடுங்கள். சிறிய கோடுகளை அளப்பதற்கு அதைவிட நம்பகமான படிக்கல் அந்தத் தாளில் வேறு இல்லை.

பட்டறைக்குறிப்புக்கும் ஒரு சொல்: டிரான்ஸ் ஸ்டில்பீன் போன்ற சமச்சீர் சேர்மங்களில் இரண்டு புரோட்டான்களும் ஒரே இடத்தில் இருப்பதால் பிளவே தெரியாது. அங்கே அந்தத் துணைக்கோடுகளுக்குள்தான் 16 ஹெர்ட்சைத் தேட வேண்டும். உங்கள் கேள்விக்கு இது முழு விடை அல்ல என்பது எனக்குத் தெரியும். உங்கள் சேர்மம் வெயிலில் திரும்புமா என்பதை உத்தரவாதமாகச் சொல்ல மாட்டேன். அதில் வளையத்தோடு இணைந்த நீண்ட தொடர் இல்லை.

கச்சோலப்பொடி | 20 பிப்ரவரி, இரவு 9.20

ஒப்பிட்டேன். 5.83 கோடு, 6.11-இல் உள்ள துணைக்கோட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது. ஆகவே நூற்றில் ஒரு பங்கு என்ற என் மதிப்பீடு நிற்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் வழிகாட்டியும் நானும் வேறுபடுகிறோம். செடியே சிறிது சிஸ் உண்டாக்குகிறது என்று அவர் கருதுகிறார். கச்சோலத்தை வில்லை வில்லையாக நறுக்கி வெயிலில் காயவைத்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள் என்பதால், அந்த வெயிலே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வினைவழி | 20 பிப்ரவரி, இரவு 10.00

வில்லையின் மேற்பரப்பில் வேண்டுமானால் வெயில் படும். உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூடப் புற ஊதா ஒளி போகாது. உங்கள் வழிகாட்டி சொல்வதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நீங்கள் ஆவியாக்கும்போதும் படிகமாக்கும்போதும் ஆய்வகச் சன்னல் திறந்திருந்ததா என்பதையும் கேட்க வேண்டும். அது மூன்றாவது வழி.

குறிப்பேடு_72 | 21 பிப்ரவரி, காலை 6.40

மூன்றையும் பிரித்துவிடலாம். ஈரக் கிழங்கை இருட்டில் அரைத்து, குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி, படிகமாக்காமல் கச்சாச் சாற்றையே உடனடியாகப் பதிவு செய்யுங்கள். படிகமாக்கும்போது சிஸ் தாய்க்கரைசலிலேயே தங்கிவிடும் என்பதால், படிகத்தில் பார்த்த ஒரு பங்கு சாற்றில் அதிகமாகவே இருந்திருக்கக்கூடும். சாற்றின் நிறமாலை அழுக்காகத்தான் இருக்கும், ஆனால் 5.83-ஐச் சுற்றி வேறு கோடுகள் குறைவு என்பதால் 12.8-ஐத் தேடிவிடலாம்.

கச்சோலப்பொடி | 21 பிப்ரவரி, காலை 7.15

என் தாய்வழிப் பாட்டி வீட்டுத் தொட்டியில் இரண்டு கச்சோலச் செடிகள் இருக்கின்றன. அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது ஒன்றைத் தோண்ட அனுமதி கேட்டிருக்கிறேன். தாய்க்கரைசலைக் கொட்டிவிட்டேன் என்பதுதான் வருத்தம். மேசைக் கையேட்டில் 300 என்று இருந்த இடத்தை அடித்து, "கருவியின் `SFO1` மதிப்பால் பெருக்குக, முதலில் எத்தில் 7.1 வருகிறதா என்று பார்க்க" என்று எழுதி வைத்திருக்கிறேன்.